85 வோல்ட் காட்டுது, ஆனா கரண்ட் இருக்கா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு ஃபோன் கால்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஞாயித்துக்கிழமை காலையில ஒரு ஃப்ரெண்டு கூப்பிட்டான். புதுசா வாடகைக்குப் போன ஃபிளாட். பழைய சீலிங் ஃபேனைக் கழட்டிட்டு, ஆன்லைன்ல வாங்கின பி.எல்.டி.சி. ஃபேனை அவனே மாட்டப் போறானாம். ஏணி மேல நின்னுக்கிட்டே பேசுறான். "மச்சி, ஸ்விட்ச் ஆஃப்லதான் இருக்கு. பழைய ஃபேன் கழட்டியாச்சு. மேல ரெண்டு வயர் தொங்குது, ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. மல்டிமீட்டர் வெச்சா 85 வோல்ட் காட்டுது. ஆஃப் பண்ணின வயர்ல எப்படிடா 85 வரும்? யூடியூப்ல பார்த்தேன், இது கோஸ்ட் வோல்டேஜாம், பொய் கரண்ட்டாம். தொடலாமா?"

"முதல்ல கீழ இறங்கு"ன்னு சொன்னேன்.

அவன் சொன்னது பாதி சரி. அந்த ரூம்ல இருந்தது உண்மையிலேயே கோஸ்ட் வோல்டேஜ்தான். ஆனா அதே வீட்டுல அடுத்த ரூம்ல மீட்டர் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு நம்பரைக் காட்டுச்சு. அங்க தொட்டிருந்தா முழு 230 வோல்ட். ரெண்டு ரூமுக்கும் நடுவுல என்ன வித்தியாசம், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்கிறதுதான் இந்த எபிசோட்.

முதல் ரூம்ல இருந்து வருவோம். 85 எங்கிருந்து வந்தது?

நம்ம வீடுகள்ல சுவருக்குள்ள ஒரு பைப் ஓடுது. ஸ்விட்ச் போர்டில் இருந்து சீலிங் வரைக்கும் போகிற அந்தப் பைப்புக்குள்ள ஃபேன் வயர் மட்டும் தனியா இருக்காது. டியூப்லைட்டுக்குப் போகிற வயர், பக்கத்து பாயிண்ட்டுக்குப் போகிற வயர் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு போகும். என் ஃப்ரெண்டு ஃபேன் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டான். ஆனா வெளிச்சத்துக்காக டியூப்லைட்டைப் போட்டுத்தான் வேலை பார்த்தான். அதாவது அதே பைப்புக்குள்ள, ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உறைக்கு அந்தப் பக்கம், 230 வோல்ட் உயிரோட ஓடிக்கிட்டிருக்கு.

இப்போ யோசிச்சுப் பாருங்க. ரெண்டு உலோகக் கம்பி, நடுவுல மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக். இதுக்கு ஒரு பேர் இருக்கு: கண்டென்சர். ஃபேன் மெதுவா சுத்தினா எலக்ட்ரீஷியன் மாத்துவாரே, அதே கண்டென்சர்தான். பைப்புக்குள்ள பக்கத்துப் பக்கத்துல போகிற ரெண்டு வயரும், யாரும் திட்டம் போடாமலேயே, ஒரு குட்டிக் கண்டென்சர் ஆகிவிடுகின்றன. அளவு ரொம்பச் சின்னது. ஒரு மீட்டருக்கு 50 பைக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், ஆறு மீட்டர் ஓட்டத்துக்கு 300. சாதாரண சீலிங் ஃபேன் கண்டென்சர் 2.5 மைக்ரோஃபாரட். இது அதில் எட்டாயிரத்தில் ஒரு பங்குதான் வரும். ஆனா ஏ.சி. மின்சாரம் கண்டென்சர் வழியா கொஞ்சம் கசியும். அது எவ்வளவு சின்னக் கண்டென்சரா இருந்தாலும் சரி.

நிறைய பேர் இதை "இன்டக்‌ஷன் வோல்டேஜ்"னு சொல்றாங்க. பேச்சு வழக்குல தப்பில்லை. ஆனா டிரான்ஸ்ஃபார்மர்ல நடக்கிற மாதிரி காந்தப்புலம் தூண்டுகிற விஷயம் இல்லை இது. லைட்ல கரண்ட் ஓடுதா இல்லையாங்கிறது பெருசா முக்கியமில்லை. பக்கத்து வயர்ல வோல்டேஜ் இருந்தாலே போதும்.

ஆக, ஆஃப் பண்ணின சிவப்பு வயர் எதோடயும் இணைக்கப்படாம அந்தரத்துல தொங்குது. ஒரு பக்கம் உயிருள்ள வயர் அதை 230-ஐ நோக்கி இழுக்குது. இன்னொரு பக்கம் நியூட்ரல் வயரும், எர்த் வயரும், சுவரின் ஈரமும் பூஜ்ஜியத்தை நோக்கி இழுக்கின்றன. நடுவுல எங்கேயோ அது நின்னுக்கும். உயிருள்ள வயர் பக்கம் 300, பூஜ்ஜியத்தின் பக்கம் 450 பைக்கோஃபாரட்னு வெச்சுக்கிட்டா, 230-ல் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 92 வோல்ட்டில் நிற்கும்.

சரி, இதை மீட்டர் ஏன் காட்டணும்? நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர் அளக்கப்படுகிற இடத்தைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. உள்ளே வழக்கமாக 10 மெகா ஓம் எதிர்ப்பு இருக்கும். ஒரு கோடி ஓம். அது கிட்டத்தட்ட எதையும் உறிஞ்சாது. அதனால் அந்தக் குட்டிக் கண்டென்சர் தருகிற மெலிந்த வோல்டேஜ்கூட அப்படியே நிற்கும். நான் சொன்ன 92, மீட்டர் வைத்ததும் 85 ஆக இறங்கும், அவ்வளவுதான். பழைய முள் மீட்டர்களை வைத்திருந்த எலக்ட்ரீஷியன்கள் இந்தப் பிரச்சினையை அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மீட்டருக்கு முள்ளை நகர்த்தவே கரண்ட் வேணும். அதை எடுக்கப் போனதுமே கோஸ்ட் வோல்டேஜ் சரிஞ்சிடும்.

எனக்கு இதை விளக்க ரொம்பப் பிடிச்ச உதாரணம் நம்ம வீட்டு பாத்ரூம் பைப். மெயின் வால்வை மூடிட்டீங்க. ஆனா வால்வு லேசா கசியுது, நிமிஷத்துக்கு ஒரு சொட்டு. பைப்புக்கு மறு முனையில ஒரு பிரஷர் மீட்டர் மாட்டியிருக்கு. கொஞ்ச நேரத்துல அந்த மீட்டர் நல்ல பிரஷர் காட்டும், ஏன்னா தண்ணி எங்கேயும் போகலை. பார்த்தா தண்ணி வருதுன்னுதான் தோணும். குழாயைத் திறந்து பாருங்க. ஒரு வாய் தண்ணி வரும், அப்புறம் சொட்டு. மீட்டர் பொய் சொல்லலை. பிரஷர் இருந்தது உண்மை. பின்னால தண்ணி இல்லைங்கிறதும் உண்மை.

கோஸ்ட் வோல்டேஜும் அப்படித்தான். வோல்ட் இருக்கிறது, ஆனால் அது தரக்கூடிய கரண்ட் மிகக் குறைவு. நம்ம உதாரணத்தில் அந்த வயரை நேரடியாக நியூட்ரலோடு சேர்த்துவிட்டால்கூட ஓடுவது சுமார் 22 மைக்ரோ ஆம்பியர். ஒரு மனுஷனுக்கு 50 ஹெர்ட்ஸ் கரண்ட் லேசாகத் தெரிய ஆரம்பிப்பதே அரை மில்லி ஆம்பியர் வாக்கில்தான். அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு இது.

இந்த விஷயத்தை மீட்டர் இல்லாமலேயே நீங்க வீட்டுல பார்த்திருப்பீங்க. ராத்திரி எல்.இ.டி. பல்பை ஆஃப் பண்ணினதுக்கு அப்புறமும் மின்மினி மாதிரி மங்கலா எரியும், இல்லைன்னா சில விநாடிக்கு ஒரு தடவை மினுக்கும். பல நேரம் அது இதே கசிவுதான். பல்புக்குள்ள இருக்கிற கண்டென்சர் அந்தத் துளிக் கரண்ட்டைச் சேர்த்து வெச்சு, நிறைஞ்சதும் ஒரு மினுக்கு. மறுபடியும் சேர்க்கும். குண்டு பல்பு இருந்த காலத்துல இது யார் கண்ணுக்கும் படாது.

அதனாலதான் சில டூல்கள் இங்க நமக்கு உதவாது. ஸ்க்ரூடிரைவர் மாதிரி இருக்கிற நியான் டெஸ்டர், சில பத்து மைக்ரோ ஆம்பியரிலேயே லேசாக ஒளிர ஆரம்பிக்கும். கோஸ்ட் வோல்டேஜுக்கும் மங்கலா எரியலாம். கிட்ட கொண்டு போனாலே பீப் அடிக்கிற பேனா டெஸ்டர் இருக்கே, அது மின்புலத்தைத்தான் மோப்பம் பிடிக்குது. வயர்ல கரண்ட் தர்ற சக்தி இருக்கான்னு அதுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்து வயருக்காகக்கூட அடிக்கும். இதெல்லாம் "ஏதோ இருக்கு, ஜாக்கிரதை"ன்னு சொல்ற டூல். "இங்க ஒண்ணும் இல்லை, தொடு"ன்னு சொல்ற டூல் இல்லை.

இன்னொண்ணு, சில பேர் புறங்கையால லேசா தட்டிப் பார்ப்பாங்க. அதை டெஸ்ட்டுன்னு சொல்லாதீங்க. அது பந்தயம்.

அப்போ சரியான டெஸ்ட் எது? குழாயைத் திறக்கிறதுதான். அந்த வயரிடம் கொஞ்சம் கரண்ட் கேளுங்க. தர முடியுதான்னு பாருங்க.

சில மல்டிமீட்டர்களின் டயலில் LoZ என்று ஒரு இடம் இருக்கும். லோ-இசட். இந்த மோடுல மீட்டரின் உள் எதிர்ப்பு ஒரு கோடி ஓமில் இருந்து சில ஆயிரம் ஓமுக்கு இறங்கிவிடும். சுமார் 3 கிலோ ஓம்னு வெச்சுக்கலாம். என் ஃப்ரெண்டோட 85 வோல்ட்டுக்கு இதை வைத்தால் என்ன ஆகும்? 22 மைக்ரோ ஆம்பியர், 3,000 ஓம் வழியாகப் போனால் 0.07 வோல்ட்தான் வரும். திரையில பூஜ்ஜியம். ஆனால் உண்மையான சப்ளையில வைத்தால் அந்த 3,000 ஓமை அது கண்டுக்கவே கண்டுக்காது. 230 அப்படியே 230 ஆகவே நிற்கும்.

லோ-இசட் இல்லாதவங்க என்ன பண்றது? அந்தக் கால எலக்ட்ரீஷியன் பையில ஒரு டெஸ்ட் லேம்ப் இருக்கும். ஹோல்டர்ல ஒரு குண்டு பல்பு, ரெண்டு வயர். தத்துவம் அதேதான். 15 வாட் குண்டு பல்பு சூடா எரியும்போது மூன்றரை கிலோ ஓம், எரியாம இருக்கும்போது அதைவிட ரொம்பக் குறைவு. கோஸ்ட் வோல்டேஜால அதை அசைக்கவே முடியாது. ஆனா நுனி திறந்த வயரோட, ஃப்யூஸ் இல்லாம, வீட்டிலேயே செய்கிற டெஸ்ட் லேம்ப்பை நான் உங்களுக்குச் சிபாரிசு பண்ண மாட்டேன். ரெண்டு கைப்பிடி இருக்கிற, லோடு பட்டன் உள்ள வோல்டேஜ் டெஸ்டர் கடையில கிடைக்கும், அதை வாங்குங்க. முக்கியமா, குண்டு பல்புக்குப் பதில் எல்.இ.டி. பல்பைப் போட்டு டெஸ்ட் பண்ணாதீங்க. ஏன்னு இப்போ உங்களுக்கே தெரியும். அது கோஸ்ட் வோல்டேஜிலேயே மினுக்கும்.

இதுவரைக்கும் சொன்னது யூடியூப்ல பத்து வீடியோவுல கிடைக்கும். நான் இந்த எபிசோடைப் பண்ண நினைச்சதே அடுத்த ரூமுக்காகத்தான்.

அன்னைக்கு மதியம் நான் என் மீட்டரை எடுத்துக்கிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். முதல் ரூம்ல சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவுல சாதாரண மோடுல 85, லோ-இசட்ல பூஜ்ஜியம். சரி. ரெண்டாவது ரூம் ஃபேனையும் மாத்தணும்னான். அதுவும் ஸ்விட்ச் ஆஃப், பழைய ஃபேன் கழட்டியாச்சு, ரெண்டு வயர் தொங்குது. சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவுல வைத்தேன். 110 வோல்ட் வாக்கில் தடுமாறுது. லோ-இசட்டுக்கு மாத்தினேன். பூஜ்ஜியம்.

"பார்த்தியா, இதுவும் கோஸ்ட்"னு கைதட்டினான்.

இல்லை. அந்தச் சிவப்பு வயர்ல முழு 230 இருந்தது.

எப்படின்னு பார்ப்போம். ஸ்விட்ச் எப்பவும் ஃபேஸ் வயரைத்தான் வெட்டணும். அந்த ரூம்ல முன்னாடி யாரோ வயரிங் பண்ணும்போது ஸ்விட்சை நியூட்ரல்ல போட்டுட்டாங்க. ஃபேன் நல்லாத்தான் ஓடும், நல்லாத்தான் நிற்கும். வாடகைக்கு இருந்த யாருக்கும் வித்தியாசமே தெரிஞ்சிருக்காது. ஆனா ஸ்விட்சை ஆஃப் பண்ணினா ஃபேஸ் நேரா மேல வந்து நிற்குது, நியூட்ரல்தான் துண்டிக்கப்படுது. இப்போ அந்தரத்துல தொங்குறது கறுப்பு வயர். அது பக்கத்துலயே ஓடுற சிவப்பு வயர்ல இருந்து வாங்கி 120 வாக்கில் மிதக்குது. மீட்டர் காட்டுறது ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை. 230-க்கும் 120-க்கும் வித்தியாசம் 110. லோ-இசட் போட்டதும் என்ன ஆகுது? 3 கிலோ ஓம் வழியா கறுப்பு வயர், சிவப்பு வயரோடு கிட்டத்தட்ட சேர்ந்துவிடுது. மிதக்கிற வயருக்கு எதிர்க்கிற சக்தி இல்லையே, அதுவும் 230-க்கு ஏறிடும். ரெண்டும் 230. வித்தியாசம் பூஜ்ஜியம். திரையில பூஜ்ஜியம்!

அதாவது லோ-இசட் சரியாத்தான் வேலை செஞ்சது. நாம கேட்ட கேள்விதான் தப்பு. "இந்த ரெண்டு வயருக்கும் நடுவுல உண்மையான சப்ளை இருக்கா?"னு கேட்டோம். இல்லைன்னு சொல்லுச்சு, அது உண்மை. நமக்குத் தெரிய வேண்டியது வேற: "நான் தொட்டா எனக்கு ஷாக் அடிக்குமா?" நாம தரையோட தொடர்புல இருக்கிறவங்க. அதனால ஒவ்வொரு வயரையும் தனித்தனியா, சத்தியமா பூஜ்ஜியத்துல இருக்கிற ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கணும்.

அந்த "சத்தியமா பூஜ்ஜியம்" எங்க கிடைக்கும்? சீலிங்கில் பச்சை எர்த் வயர் வந்திருந்தால் அது உதவலாம். ஆனால் பழைய வயரிங்கில் ஃபேன் பாயிண்ட்டுக்கு எர்த் வருவதே அபூர்வம். வந்திருந்தாலும் மறுமுனை எங்கேயும் இணைக்காம இருக்கலாம். எங்கேயும் இணைக்காத பச்சை வயரோடு லோ-இசட்ல ஒப்பிட்டா மறுபடியும் அதே பூஜ்ஜியம், அதே ஏமாற்றம்.

நான் பண்ணினது இதுதான். ஹால்ல நல்லா வேலை செய்கிற ஒரு பிளக் பாயிண்ட்டில் இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துக்கிட்டு வந்தேன். முதல்ல அந்தப் பாக்ஸிலேயே லோ-இசட்ல அளந்தேன். 229. அது ரெண்டு விஷயத்தை உறுதிப்படுத்துச்சு. என் மீட்டர், ப்ரோப் வயர், லோ-இசட் மோடு எல்லாம் வேலை செய்யுது. அந்தப் பாக்ஸ்ல ஃபேஸும் நியூட்ரலும் உண்மையா வருது. அப்புறம் டெஸ்டரை வைத்து எந்தத் துளை பளிச்சுன்னு எரியுது, எது எரியலைன்னு பார்த்து நியூட்ரலை உறுதி பண்ணிக்கிட்டேன். இதைத் தவிர்க்கக் கூடாது. பாக்ஸ்ல ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்து, நாம ஃபேஸோடு ஒப்பிட்டோம்னா, உயிருள்ள வயர் பூஜ்ஜியமாகத் தெரியும்.

இப்போ ஒரு ப்ரோப் பாக்ஸின் நியூட்ரல்ல, இன்னொண்ணு சீலிங் வயர்ல. கறுப்பு: சாதாரண மோடுல 120, லோ-இசட்ல பூஜ்ஜியம். சிவப்பு: சாதாரண மோடுல 229. லோ-இசட்ல... 228. அசையவே இல்லை.

என் ஃப்ரெண்டு ஏணியை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை.

இங்க ஒரு சின்ன விஷயம். லோ-இசட்டை எர்த்தோடு ஒப்பிட்டு உயிருள்ள வயர்ல வைத்தால் சுமார் 77 மில்லி ஆம்பியர் எர்த்துக்குப் போகும். வீட்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் டப்புன்னு விழுந்திடும். பயந்துடாதீங்க. அது விழுந்ததே ஒரு பதில்தான்: அங்க இருக்கிறது கோஸ்ட் இல்லை. கோஸ்ட் வோல்டேஜால ஆர்.சி.சி.பி.யை விழவைக்க முடியாது.

இன்னொரு கேள்வி வரும். லோ-இசட்ல பூஜ்ஜியமும் இல்லாம, 230-உம் இல்லாம, நடுவுல 20 வோல்ட்னு நின்னா?

இப்போ நிறைய ஃபிளாட்ல டச் ஸ்விட்ச், வைஃபை ஸ்விட்ச் போடுறாங்க. அவற்றில் சிலதில் ஸ்விட்சுக்குக் குறுக்கே, தீப்பொறியை அடக்க, ஒரு உண்மையான கண்டென்சர் இருக்கும். 0.1 மைக்ரோஃபாரட்னு வெச்சுக்குங்க. ஆஃப் நிலையிலும் அது வழியாக 7 மில்லி ஆம்பியர் வரைக்கும் போக முடியும். பைப்புக்குள்ள இருந்த 22 மைக்ரோ ஆம்பியரை விட முந்நூறு மடங்கு அதிகம். சாதாரண மோடுல இது 230 கிட்ட காட்டும். லோ-இசட்ல 20 வோல்ட் வாக்கில் வந்து நிற்கும். "ரொம்ப இறங்கிடுச்சே, கோஸ்ட்தான்"னு நினைச்சுத் தொட்டீங்கன்னா சுரீர்னு அடிக்கும். அந்த அளவு கரண்ட் ஆளைக் கொல்லாம விட்டாலும், ஏணி மேல நிற்கிறவரைக் கீழ தள்ளப் போதும். ஈரமான சுவர் வழியா கசியுற ஃபேஸும், எங்கேயோ லூஸா விட்டுப்போன நியூட்ரல்ல, ஆன்ல இருக்கிற இன்னொரு லைட் வழியா வருகிற "ரிட்டர்ன்" கரண்ட்டும் இப்படி விசித்திரமான நம்பர்களைக் காட்டலாம். அதனால் நான் வெச்சிருக்கிற கணக்கு: லோ-இசட்ல ஒரு வோல்ட்டுக்குக் கீழ சரிஞ்சு விழுந்தாதான் கோஸ்ட். அஞ்சு, பத்து, இருபதுன்னு எதிலாவது நின்னா, பின்னால ஏதோ ஒண்ணு தள்ளிக்கிட்டிருக்கு. அது எதுன்னு தெரியுற வரைக்கும் அந்த வயர் உயிரோட இருக்குன்னுதான் அர்த்தம்.

கோஸ்ட் வோல்டேஜ் ஆபத்தில்லைன்னு நான் சொன்னதுகூட வீட்டு அளவுக்கு மட்டும்தான். நீளம் கூடக்கூட கண்டென்சரும் பெருசாகும். ஒரு ஃபேக்டரியில உயிருள்ள கேபிளோடு ஒட்டிக்கிட்டு ஒரு கிலோமீட்டர் ஓடுற செத்த வயர்ல அதே கணக்குப்படி சில மில்லி ஆம்பியர் வந்துடும். உயரழுத்த லைன்கள்ல இன்னும் மோசம். ஒரே டவர்ல ரெண்டு லைன் போகும்போது, ஆஃப் பண்ணின லைன்ல பக்கத்து லைன் தூண்டுகிற வோல்டேஜே ஆளைக் கொன்னுடும். லைன்மேன்கள் சப்ளையை நிறுத்தின பிறகும், வேலை செய்கிற இடத்துக்கு ரெண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டிட்டுத்தான் கை வைக்கிறது அதனாலதான். அங்க யாரும் இதைக் கோஸ்ட்டுன்னு செல்லப் பேர் வெச்சுக் கூப்பிடுறதில்லை.

சரி, ரெண்டு ரூம் ஃபேனையும் எப்படி மாட்டினோம்?

இத்தனை அளந்தது என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கத்தான். வேலைக்குக் கை வைக்கும்போது சுவர் ஸ்விட்சை நம்பி ஒரு வேலையும் இல்லை. டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ்ல அந்த ரூமுக்கான எம்.சி.பி.யை இறக்கினோம். எம்.சி.பி. ஃபேஸை வெட்டுறதால, ஸ்விட்ச் நியூட்ரல்ல இருந்தாலும் கவலை இல்லை. இறக்கிட்டு மறுபடியும் சிவப்பை அளந்தேன். லோ-இசட்ல 228!

ஒரு நிமிஷம் எனக்கே வயித்தைக் கலக்குச்சு. அப்புறம்தான் லாஃப்ட்ல உட்கார்ந்திருந்த இன்வெர்ட்டர் கண்ணுல பட்டது. லைட்டும் ஃபேனும் இன்வெர்ட்டர் லைன்ல இருந்தன. நாங்க இறக்கின எம்.சி.பி. அந்த ரூமோட பிளக் பாயிண்ட்டுக்கு மட்டும்தான். மெயினையே இறக்கியிருந்தாலும் பேட்டரியில இருந்து இன்வெர்ட்டர் தாராளமா 230 கொடுத்திருக்கும். இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணி, அதோட பைபாஸையும் பார்த்து, அந்த லைனின் எம்.சி.பி.யையும் இறக்கினோம்.

மறுபடியும் அளந்தேன். முதல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல, அது ஹால் பிளக் லைன்ங்கிறதால இன்னும் உயிரோட இருந்தது: 229. அடுத்து சீலிங்கில் சிவப்பு, கறுப்பு ரெண்டும் தனித்தனியா நியூட்ரலோடு: பூஜ்ஜியம், பூஜ்ஜியம். ரெண்டுக்கும் நடுவுல: பூஜ்ஜியம். கடைசியா மறுபடியும் பாக்ஸ்ல: 229. இந்தக் கடைசி அளவை நிறைய பேர் விட்டுடுவாங்க. நடுவுல ப்ரோப் வயர் விட்டுப்போயிருந்தா, ஃப்யூஸ் போயிருந்தா, பேட்டரி இறங்கியிருந்தா, அந்த மூணு பூஜ்ஜியமும் மீட்டரோட பூஜ்ஜியம், வயரோட பூஜ்ஜியம் இல்லை.

முதல் ரூம் ஃபேன் இருபது நிமிஷத்துல மாட்டியாச்சு. ரெண்டாவது ரூமை அவன் மாட்டலை. வீட்டு ஓனருக்கு ஃபோன் பண்ணி, ஸ்விட்ச் நியூட்ரல்ல இருக்குன்னு சொன்னான். "பத்து வருஷமா ஃபேன் ஓடுதே தம்பி, என்ன பிரச்சினை?"ன்னார் அவர். புதன்கிழமை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வந்து போர்டைத் திறந்தார். ஃபேனுக்கு மட்டும் இல்லை, அந்தப் போர்டுல மூணு பாயிண்ட்டுக்கு ஸ்விட்ச் நியூட்ரல்லதான் இருந்தது. அதுல ஒண்ணு, பாத்ரூம் கண்ணாடி மேல இருந்த லைட்.